தங்கம் விற்ற லாபத்தைக் கேட்டு வருமான வரி நோட்டீஸ் வந்தால்: பில், பாஸ்புக் வைத்துப் பதில் அனுப்புவது எப்படி

திருநெல்வேலிப் பக்கம் நடுத்தரக் குடும்பங்களில் தங்கம் சேர்வது பெரும்பாலும் நகைச் சீட்டில்தான். டவுண் ரத வீதியிலோ வண்ணார்பேட்டையிலோ ஒரு கடையில் பதினோரு மாதம் கட்டி, கடைசியில் நகையாக எடுப்பார்கள். சம்பளக்காரர்களும் ஓய்வூதியர்களும் இதோடு தங்கப் பத்திரமும் வாங்கினார்கள். ரிசர்வ் வங்கி மூலமாக மத்திய அரசு 2015 நவம்பர் முதல் 2024 பிப்ரவரி வரை வெளியிட்ட பத்திரம் அது. இப்போது விலை ஏறியதும் இரண்டையும் விற்கிறார்கள். விற்ற பணம் வங்கியில் விழுகிறது, பின்னாலேயே நோட்டீஸும் வருகிறது.

அந்த நோட்டீஸ் கேட்பது பெரும்பாலும் ஒன்றைத்தான். விற்ற விலை துறையிடம் இருக்கிறது. வாங்கிய விலையும் தேதியும் அவர்களிடம் இல்லை, அல்லது தப்பாக இருக்கிறது. அதைக் காகிதத்தோடு காட்டச் சொல்கிறார்கள். ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியை விஷயத்தில் இது எப்படி நடந்தது, என்ன பதில் அனுப்பினோம் என்பதை வைத்தே விளக்குகிறேன். 2024-25இல் நடந்த விற்பனை என்பதால், இங்கே சொல்லும் பிரிவு எண்கள் எல்லாம் 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின்படிதான்.

என்ன விற்றார், நோட்டீஸ் என்ன சொன்னது

அந்த ஆசிரியை பாளையங்கோட்டையில் இருக்கிறார். 2020 ஆகஸ்டில் வங்கிக் கிளையில் விண்ணப்பம் கொடுத்து 200 கிராம் தங்கப் பத்திரம் வாங்கினார். 2020-21 ஐந்தாம் வரிசை, வெளியீட்டு விலை கிராமுக்கு 5,334 ரூபாய். ஆன்லைனில் கட்டியவர்களுக்கு 50 ரூபாய் தள்ளுபடி உண்டு. இவர் கிளையில் நேராகக் கட்டியதால் முழு விலை, மொத்தம் 10,66,800 ரூபாய். காகிதச் சான்றிதழாகவே பீரோவில் கிடந்தது. 2024 மார்ச்சில் அதை மின்னணு வடிவில் வைக்கும் டீமேட் கணக்குக்கு மாற்றி, 2025 ஜனவரியில் பங்குச் சந்தையில் கிராம் 8,000 ரூபாய்க்கு விற்றார். கைக்கு வந்தது 16,00,000.

அதே ஜனவரியில் ஐந்து பவுன் சங்கிலி ஒன்றையும் கடையில் விற்றார். அது 2021 பிப்ரவரியில் சீட்டு முடித்து எடுத்தது. இரண்டு லாபத்தையும் ஐ.டி.ஆர்-2 படிவத்தில் காட்டி வரியும் கட்டியிருந்தார். அது நல்லதாகப் போயிற்று. தங்கம் விற்ற வருடத்தில் ஐ.டி.ஆர்-1 போடக் கூடாது. அதில் இந்த லாபத்தைக் காட்ட இடமே கிடையாது. ஓய்வூதியர்கள் பழக்க தோஷத்தில் ஐ.டி.ஆர்-1 போட்டுவிட்டு மாட்டிக்கொள்வது எங்கள் ஊரில் அடிக்கடி நடக்கிறது.

சரியாகக் காட்டியும் கணக்காய்வுக்கு எடுத்து, 142(1) பிரிவில் கேள்வித்தாள் வந்தது. பத்திரம் விற்றதில் 16,00,000 முழுவதும் ஏன் குறுகியகால லாபம் ஆகாது என்று அதில் கேட்டிருந்தார்கள். "தம்பி, நான் போட்ட காசையும் சேத்து லாபம்னு எழுதிருக்காவளே" என்று டீச்சர் பதறிவிட்டார்.

காரணம் டீமேட் மாற்றம்தான். வருடாந்திரத் தகவல் அறிக்கையை, அதாவது ஏ.ஐ.எஸ்-ஐ, திறந்து பார்த்தால் விற்பனை பற்றிய பதிவு இருந்தது. வாங்கிய செலவுக் கட்டத்தில் பூஜ்யம். காகிதச் சான்றிதழாக வாங்கியதன் விலை டீமேட் நிறுவனத்துக்குத் தெரியாது. அவர்கள் கணக்கில் இந்த 200 கிராம் 2024 மார்ச்சில்தான் வந்தது. மார்ச்சிலிருந்து ஜனவரி பத்து மாதம். பட்டியலிடப்பட்ட பத்திரத்துக்குப் பன்னிரண்டு மாதம் தாண்டினால்தான் நீண்டகாலம். ஆக, கணினி அதைக் குறுகியகாலம் என்றும் முழுத் தொகையும் லாபம் என்றும் போட்டுவிட்டது. பத்திரத்தைக் காகிதத்திலிருந்து டீமேட்டுக்கு மாற்றுவது விற்பனையும் அல்ல, புதிதாக வாங்குவதும் அல்ல. வைத்திருந்த காலம் 2020 ஆகஸ்ட் 11, பத்திரம் வெளியான நாளிலிருந்தே ஓடுகிறது.

முதலில் நோட்டீஸைச் சரிபாருங்கள்

மின்னஞ்சலில் வந்த இணைப்பை அப்படியே தட்ட வேண்டாம். வருமான வரித் தளத்துக்கு நீங்களே போய், முகப்புப் பக்கத்தில் `Authenticate Notice/Order Issued by ITD` என்ற இடத்தில் நோட்டீஸில் உள்ள ஆவண அடையாள எண்ணை அடித்துப் பாருங்கள். 2019 அக்டோபர் முதல் துறை அனுப்பும் ஒவ்வொரு கடிதத்திலும் அந்த எண் இருந்தாக வேண்டும். உங்கள் கணக்குக்குள் நுழைந்தால் `Pending Actions` பட்டியலில் `e-Proceedings` கீழும் அதே நோட்டீஸ் கிடக்க வேண்டும்.

அப்புறம் மூன்று விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: எந்தப் பிரிவு, எந்த ஆண்டு, கடைசி நாள் எது. ஆண்டில்தான் புதியவர்கள் தடுக்கி விழுகிறார்கள். நோட்டீஸில் இருப்பது மதிப்பீட்டு ஆண்டு. 2025-26 என்று இருந்தால், 2024 ஏப்ரலிலிருந்து 2025 மார்ச் வரை நடந்த விற்பனையைக் கேட்கிறார்கள் என்று பொருள். இதைக் கவனிக்காமல் அடுத்த வருடத்து வங்கிக் கணக்கை எடுத்து அனுப்பினால் பதில் வீண்.

142(1) நோட்டீஸுக்குப் பதில் தராமல் விட்டால் ஒவ்வொரு தவறுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதிக்க இடமிருக்கிறது. அதைவிடப் பெரிய ஆபத்து, கையில் இருப்பதை வைத்து அதிகாரியே மதிப்பிட்டு முடித்துவிடுவது. பில் தேட நாள் வேண்டும் என்றால், கடைசி நாளுக்கு முன்பே அதே பக்கத்தில் அவகாசம் கேளுங்கள். கேட்கும்போது காரணத்தைத் தெளிவாக எழுதுங்கள்: 2020ஆம் ஆண்டுக் கணக்கு விவரத்துக்கு வங்கியில் விண்ணப்பித்திருக்கிறேன், இந்தத் தேதியில் விண்ணப்பித்தேன் என்று.

பத்திரத்துக்கு எந்தக் காகிதம்

பத்திரம் வாங்கியதற்கு முதன்மை ஆதாரம் ரிசர்வ் வங்கியின் பெயரில் வரும் உடைமைச் சான்றிதழ். அதில் பெயர், வரிசை, வெளியான தேதி, கிராம், விலை எல்லாம் இருக்கும். டீச்சர் டீமேட்டுக்கு மாற்றும்போது அசலை ஒப்படைத்துவிட்டார், நகல் இல்லை. வங்கிக் கிளையில் எழுதிக் கொடுத்து ஒதுக்கீட்டு விவரத்தை வாங்கினோம். அது வர நாளானது. அதற்குள் பாஸ்புக்கில் இன்னொரு நல்ல ஆதாரம் கிடைத்தது.

தங்கப் பத்திரத்துக்கு வருடம் இரண்டரை சதவீத வட்டி உண்டு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரும். அந்த வட்டி வெளியீட்டு விலைக்குத்தான், சந்தை விலைக்கு அல்ல. 10,66,800க்கு இரண்டரை சதவீதம் 26,670. அதில் பாதி 13,335. டீச்சரின் பாஸ்புக்கில் 2021 பிப்ரவரியிலிருந்து 2024 ஆகஸ்ட் வரை ஒவ்வொரு பிப்ரவரியும் ஆகஸ்டும் இந்த 13,335 ரூபாய் வரிசையாக விழுந்திருந்தது. இந்தத் தொகையை வைத்துத் திருப்பிக் கணக்குப் போட்டால் கிராமுக்கு 5,334 என்ற விலையே வரும். டீமேட்டுக்கு மாறிய 2024 மார்ச்சுக்கு முன்பே ஏழு தவணை வட்டி வந்திருக்கும்போது, மார்ச்சில்தான் வாங்கினார் என்று யாரும் சொல்ல முடியாது. அந்தப் பக்கங்களையெல்லாம் நகல் எடுத்து, வட்டி வரவுகளைப் பென்சிலால் வட்டமிட்டு இணைத்தோம்.

பாஸ்புக்கைக் காட்டினால் வட்டியைக் கணக்கில் காட்டினீர்களா என்ற கேள்வியும் கூடவே வரும். இந்த வட்டிக்கு வரி உண்டு, ஆனால் வங்கி பிடித்தம் செய்வதில்லை. அதனால் பலர் மறந்துவிடுகிறார்கள். 2024-25இல் டீச்சருக்கு வந்தது ஆகஸ்ட் தவணை மட்டும். அந்த 13,335 ரூபாய் படிவத்தில் இருந்தது. உங்கள் படிவத்தில் இல்லையென்றால், அதிகாரி கண்டுபிடிக்கும் முன் நீங்களே பதிலில் ஒத்துக்கொள்வதுதான் என் யோசனை.

விற்றதற்குப் புரோக்கர் தரும் கான்ட்ராக்ட் நோட், டீமேட் கணக்கு அறிக்கை, பணம் வந்த வங்கிப் பக்கம் மூன்றும் வேண்டும். டீமேட் அறிக்கையில் மார்ச்சில் 200 வரவு, ஜனவரியில் 200 பற்று என்று தெரியும். மாற்றக் கேட்டுக் கொடுத்த படிவத்தின் நகலும் இருந்தால் சேருங்கள்.

கணக்கு இப்படி வந்தது. விற்றது 16,00,000. வாங்கியது 10,66,800. நீண்டகால லாபம் 5,33,200. புரோக்கர் கமிஷனும் கழிக்கத் தக்கது, எளிமைக்காக இங்கே விட்டுவிட்டேன். 2024 ஜூலை 23க்குப் பின் நடந்த விற்பனை என்பதால் வரி பன்னிரண்டரை சதவீதம், பணவீக்கச் சரிக்கட்டல் கிடையாது. பங்கு விற்ற லாபத்தில் 1,25,000 ரூபாய் வரை விலக்கு உண்டல்லவா, அதை இதற்கும் போடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். தங்கப் பத்திரத்துக்கு அது பொருந்தாது.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். இவர் சந்தையில் விற்காமல், ஐந்து வருடம் முடிந்த 2025 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியிடமே முன்கூட்டித் திருப்பிக் கொடுத்திருந்தால் இந்த லாபத்துக்கு வரியே வந்திருக்காது. அன்றைய சட்டத்தில் 47(viic) பிரிவு, தனிநபர் பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்துப் பணம் பெறுவதை விற்பனையாகக் கருதவில்லை. பேத்தியின் கல்லூரிக் கட்டணத்துக்கு அவசரம், அவரால் காத்திருக்க முடியவில்லை. நீங்கள் அப்படித் திருப்பிக் கொடுத்தவராக இருந்து நோட்டீஸ் வந்தால், பதில் முற்றிலும் வேறு. லாபக் கணக்கே போட வேண்டாம். திருப்பிக் கொடுத்ததற்கான வங்கிக் கடிதத்தை இணைத்து அந்தப் பிரிவைச் சொன்னால் போதும். ஆனால் வருடத்தைப் பாருங்கள். முதல் வெளியீட்டிலேயே வாங்கி முதிர்வு வரை வைத்திருப்பவருக்கு மட்டும் என்று இந்த விலக்கைச் சுருக்க 2026 பட்ஜெட்டில் முன்மொழிந்தார்கள்.

சீட்டு நகைக்கு எந்தக் காகிதம்

நகைச் சீட்டில் குழப்பம் அதிகம், ஏனென்றால் காகிதம் இரண்டு வகை. மாதாமாதம் கட்டிய சீட்டு அட்டை ஒன்று, நகை எடுத்த அன்று போட்ட பில் ஒன்று. சீட்டு அட்டை வாங்கியதற்கு ஆதாரம் ஆகாது. அது முன்பணம் கட்டியதற்கு மட்டுமே ஆதாரம். வாங்கிய தேதி என்பது பில் தேதி. முதல் தவணை 2020 மார்ச்சில் கட்டினாலும், நகை கைக்கு வந்தது 2021 பிப்ரவரி என்றால் காலம் பிப்ரவரியிலிருந்துதான் ஓடும். 2024 ஜூலை 23க்குப் பின் விற்ற நகைக்கு இருபத்து நான்கு மாதம் தாண்டினால் நீண்டகாலம். பில்லிலிருந்து இருபத்து மூன்று மாதத்தில் விற்றுவிட்டு, சீட்டு ஆரம்பித்த தேதியைக் காட்டி நீண்டகாலம் என்று வாதாட முடியாது.

டீச்சரின் பில்லை அப்படியே சொல்கிறேன். 22 காரட் சங்கிலி, 40 கிராம். அன்றைய விலை கிராம் 4,450 வீதம் 1,78,000. சீட்டு என்பதால் சேதாரமும் செய்கூலியும் இல்லை. மூன்று சதவீத ஜி.எஸ்.டி. 5,340. மொத்தம் 1,83,340. இதில் சீட்டுக் கணக்கில் கழித்தது மாதம் 15,000 வீதம் பதினோரு தவணை, அதாவது 1,65,000. மீதி 18,340 கார்டில் தேய்த்தார். வாங்கிய விலை 1,83,340. ஜி.எஸ்.டி.யும் அதில் அடங்கும். செய்கூலி கொடுத்திருந்தால் அதுவும் அடங்கும்.

சில கடைகளில் பன்னிரண்டாவது தவணையைக் கடையே போனஸாகப் போடும். பில்லில் அந்தத் தொகையும் சேர்ந்து நிற்கும். அதை உங்கள் செலவாகக் காட்டாதீர்கள். உங்கள் கையிலிருந்து போன பணம் மட்டுமே வாங்கிய விலை. மாதாமாதம் அன்றைய விலைக்குக் கிராமாக வரவு வைக்கும் சீட்டிலும் இதே கதைதான். நகை எடுத்த நாளில் தங்கம் எவ்வளவு விலை என்பதைவிட, தவணைகள், கடைசியில் வரியோடு சேர்த்துக் கொடுத்த மீதி ஆகிய இரண்டின் கூட்டுத்தொகைதான் கணக்கு.

சீட்டு முடிந்ததும் அட்டையைக் கடை திரும்ப வாங்கிக்கொள்வது வழக்கம். அதனால் தவணை விவரம் உங்களிடம் இருக்காது. சீட்டு எண்ணோ பதிவு செய்த கைபேசி எண்ணோ கொடுத்து, கணக்கு விவரத்தைக் கடை முத்திரையோடு அச்செடுத்துத் தரச் சொல்லுங்கள். பில் இன்னும் மோசம். சூட்டில் அச்சாகும் வழுவழுப்பான தாள் என்றால் நாலு வருடத்தில் எழுத்து மங்கி வெள்ளைத் தாளாகிவிடும். டீச்சரின் பில்லில் பெயரும் தொகையும் மட்டும் லேசாகத் தெரிந்தது. கடையில் பில் எண்ணைச் சொல்லி மறுபிரதி வாங்கினோம். பழைய பில்லையும் சேர்த்தே அனுப்பினோம், இரண்டிலும் எண் ஒன்றாக இருப்பது தெரியட்டும் என்று.

விற்றபோது கடை கொடுத்த ரசீதில் எடை 39.600 கிராம் என்று இருந்தது, பில்லில் 40. இந்த 400 மில்லி கிராமை வைத்து இது வேறு நகை என்று கேள்வி வரலாம். தேய்மானமும் அழுக்கும் கழித்த நிகர எடை என்று கடை எழுதிக் கொடுத்ததை இணைத்தோம். நகையின் பெயர், காரட் இரண்டிலும் ஒன்றாக இருந்தது உதவியது. 2021 ஜூலைக்குப் பின் வாங்கிய ஹால்மார்க் நகையாக இருந்தால் ஆறு இலக்க HUID எண்ணே அடையாளம். விற்கும் முன் அதைப் படம் எடுத்து வையுங்கள்.

39.600 கிராம், 7,300 வீதம் 2,89,080 ரூபாய் வங்கிக்கு வந்தது. லாபம் 1,05,740. பத்திர லாபத்தோடு சேர்த்தால் 6,38,940. இதற்குப் பன்னிரண்டரை சதவீதம் 79,867.50, மேலே நான்கு சதவீத செஸ். படிவத்திலும் இதே எண்கள் இருந்தன.

ஒரு வேளை நீங்கள் நகையை விற்காமல் பழசைக் கொடுத்துப் புதுசு எடுத்திருக்கலாம். சட்டத்தின் கண்ணில் அதுவும் விற்பனைதான், பழைய நகைக்குக் கடை போட்ட மதிப்பே விற்ற விலை. இதைச் சொன்னால் நம்ம ஊரில் நிறையப் பேருக்கு அதிர்ச்சி.

பில்லே இல்லாத நகைக்கு என்ன செய்வது? ஆச்சி போட்டது, அம்மா கொடுத்தது என்றால், அவர்கள் வாங்கிய விலையும் வாங்கிய காலமும் உங்களுக்கு வரும். 2001 ஏப்ரல் 1க்கு முந்தைய நகையென்றால் அன்றைய சந்தை மதிப்பை எடுத்துக்கொள்ளலாம், அதற்கு அங்கீகாரம் பெற்ற மதிப்பீட்டாளரின் அறிக்கை வேண்டும். கல்யாணமான பெண்ணுக்கு 500 கிராம் வரை கேள்வி இல்லை என்று சொல்கிறார்களே, அது சோதனையின்போது நகையைப் பறிமுதல் செய்வது பற்றிய 1994ஆம் ஆண்டு அறிவுறுத்தல். விற்ற லாபக் கணக்கில் அதைக் காட்டிப் பயனில்லை.

பதிலை எழுதுவது

உங்கள் பதிலைப் படிக்கப்போகிறவர் திருநெல்வேலிக்காரர் அல்ல. முகமறியா மதிப்பீட்டு முறையில் அவர் நாட்டின் எந்த மூலையிலும் இருக்கலாம். பவுன் என்றால் எட்டு கிராம் என்றோ, சேதாரம் என்றால் என்னவென்றோ அவருக்குத் தெரிய வேண்டிய அவசியமில்லை. தமிழில் அச்சான பில்லை அப்படியே ஏற்றிவிட்டு, பார்த்துக்கொள்வார்கள் என்று விடாதீர்கள். சீட்டு எப்படி நடக்கும், பில்லின் ஒவ்வொரு வரிக்கும் என்ன பொருள் என்று ஆங்கிலத்தில் ஒரு பத்தி எழுதுங்கள்.

கேள்வித்தாளில் உள்ள வரிசை எண்ணிலேயே பதில் போகட்டும். ஒவ்வொரு பதிலுக்கும் கீழே இணைப்பு எண் இருக்கட்டும். டீச்சரின் முக்கியமான பதில், தமிழில் சொன்னால் இவ்வளவுதான்:

"பத்திரங்கள் 2020 ஆகஸ்ட் 11 அன்று ஒதுக்கப்பட்டவை (இணைப்பு 1). விலை 10,66,800 ரூபாய் என் கணக்கிலிருந்து செலுத்தப்பட்டது (இணைப்பு 2). 2021 பிப்ரவரி முதல் அரையாண்டு வட்டி 13,335 ரூபாய் வரவாகியுள்ளது (இணைப்பு 3). 2024 மார்ச்சில் சான்றிதழ் வடிவிலிருந்து டீமேட் வடிவுக்கு மாற்றப்பட்டது, புதிதாக வாங்கப்படவில்லை (இணைப்பு 4). எனவே ஏ.ஐ.எஸ்-இல் உள்ள பூஜ்ய விலையும் குறுகியகால வகைப்பாடும் உண்மை நிலையைக் காட்டவில்லை."

கெஞ்சவும் வேண்டாம், சண்டையும் வேண்டாம். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பின்னால் ஒரு காகிதம் இருந்தால் போதும்.

பில் ஒருவர் பெயரிலும் விற்றது இன்னொருவர் பெயரிலும் இருந்தால் அதை மறைக்காதீர்கள். சீட்டு மகள் பெயரில், நகை அம்மாவுடையது என்பது நம் வீடுகளில் சகஜம். தவணை யார் கணக்கிலிருந்து போனது என்பதை வங்கிப் பக்கத்தோடு விளக்குங்கள்.

ஒவ்வொரு இணைப்பையும் தனி பி.டி.எஃப். ஆக்கி, 5 எம்.பி.க்குள் வைத்து, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும்படி பெயரிடுங்கள். கைபேசியில் கோணலாக எடுத்த படம் வேண்டாம், கடையில் கொடுத்து ஸ்கேன் செய்யுங்கள். `Submit Response` அழுத்தும் முன் ஒவ்வொரு கோப்பையும் திறந்து பாருங்கள். அனுப்பியதும் வரும் ஒப்புகையைச் சேமியுங்கள். ஏ.ஐ.எஸ்-இலும் அந்த விற்பனைப் பதிவுக்கு நேராக, தகவல் முழுமையாகச் சரியில்லை என்ற கருத்தைப் பதிவு செய்துவிடுங்கள். ஆனால் அதை மட்டும் செய்துவிட்டு நோட்டீஸுக்குப் பதில் போடாமல் இருக்கக் கூடாது.

அதன் பிறகு வாரம் ஒருமுறை `e-Proceedings` பக்கத்தைப் பாருங்கள். மேலும் ஒரு கேள்வி வரலாம். உங்கள் விளக்கத்தை ஏற்கவில்லை என்றால், தொகையைக் கூட்டும் முன் காரணம் கேட்டு இன்னொரு நோட்டீஸ் வரும். அப்போது காணொளியில் பேச வாய்ப்புக் கேட்கலாம். உத்தரவு வந்தபின்னும் தப்பாக இருந்தால் முப்பது நாளுக்குள் மேல்முறையீடு. அந்தக் கட்டத்துக்குத் தனியாகப் போகாமல் ஒரு ஆடிட்டரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். டீச்சருக்கு அதற்கு அவசியம் வரவில்லை. இரண்டாவது முறை கேட்டது வங்கியின் ஒதுக்கீட்டுக் கடிதத்தை மட்டும்தான். அது வந்ததும் ஏற்றினோம், காட்டிய லாபத்தையே ஏற்று உத்தரவு வந்தது.